கடை கேப்ஷனில் யாரை எப்படி அழைப்பது: நெல்லைச் சீமைக் கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை காலையில் ஒரு சேலைப் படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறது. அதைக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண் பார்க்கிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பார்க்கிறார். அம்பாசமுத்திரத்தில் எழுபது வயது ஆச்சிக்குப் பேரன் வாசித்துக் காட்டுகிறான். தாராவியில் குடியேறிவிட்ட நெல்லைக்காரர் மும்பையிலிருந்து பார்க்கிறார். படம் ஒன்றுதான், அதன் கீழே இருக்கும் இரண்டு வரியும் ஒன்றுதான். அந்த இரண்டு வரி யாரையும் உறுத்தாமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஜவுளிக்கடையை உதாரணமாக வைத்து இங்கே பார்க்கலாம். அல்வாக்கடை, நகைக்கடை, போட்டோ ஸ்டூடியோ எதற்கும் முறை இதுவேதான்.

மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது

கேப்ஷன் எழுதுகிறவர்கள் முதலில் யோசிப்பது "அக்கா போடலாமா, மேடம் போடலாமா" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. தமிழில் மரியாதை முதலில் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. "தம்பி, வா" என்பதற்கும் "தம்பி, வாங்க" என்பதற்கும் அழைப்புச்சொல் ஒன்றே. ஆனால் முதலாவது வீட்டுக்குள் பேசுவது, இரண்டாவது கடைவாசலில் பேசுவது. அதேபோல "சொல்லும்மா" என்றால் நம்மைவிடச் சின்னவளிடமோ மிக நெருங்கியவளிடமோ சொல்வது. "சொல்லுங்கம்மா" என்றால் எந்த வயதுப் பெண்ணிடமும் சொல்லலாம். பாசம் காட்டும் "ம்மா" இரண்டிலும் இருக்கிறது. நடுவில் வந்த "ங்க" எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "வா", "வாங்க" இரண்டுக்கும் நடுவில் இருப்பது மரியாதை வித்தியாசம். "வாங்க", "வாருங்கள்" இரண்டுக்கும் நடுவில் இருப்பது பேச்சுநடைக்கும் எழுத்துநடைக்கும் உள்ள வித்தியாசம். "வாருங்கள்" என்று எழுதினால்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு பல கடைகள் ஸ்டேட்டஸைப் பத்திரிகை விளம்பரம் போல எழுதுகின்றன. அது மரியாதையைக் கூட்டுவதில்லை, தூரத்தைத்தான் கூட்டுகிறது. எதிர்த் திசையில் போகிற கடைகள் நெருக்கம் காட்டுவதற்காக "வா, அள்ளிட்டுப் போ" என்று எழுதுகின்றன. அங்கே குறைவது தூரம் மட்டுமல்ல.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றித்தான் வரும். நெருக்கம் வேண்டுமென்றால் எழுத்துநடையிலிருந்து பேச்சுநடைக்கு இறங்குங்கள். "நீங்க" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு இறங்காதீர்கள்.

முதல் படி: பேசுவது யார் என்று முடிவு செய்யுங்கள்

அண்ணன், அக்கா, தம்பி என்ற சொற்களுக்கு ஒரு பக்கத்தில் பேசுகிறவர் வேண்டும். யாருக்கு அக்கா, யாருக்குத் தம்பி? கடைக்கு வயது கிடையாது. அதனால் கடையின் குரலுக்கு ஒரு ஆளை முதலிலேயே நியமித்துவிட வேண்டும். ஐம்பது வயது முதலாளியின் குரல் என்றால் இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவர் "அக்கா" என்று கூப்பிட்டால் ஒட்டாது, "வாங்கம்மா" என்றால் பொருந்தும். கவுண்டரில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல் என்றால் "அக்கா" இயல்பாக வரும். ஆனால் அதே குரலில் "தம்பி" என்று எழுதினால் படிக்கிற முப்பது வயதுக்காரர் சிரிப்பார்.

இரண்டு பேர் மாறி மாறிப் போஸ்ட் போடுகிற கடையில்தான் இது அடிக்கடி கெடும். திங்கட்கிழமை "அண்ணாச்சி", செவ்வாய்க்கிழமை "ப்ரோ", புதன்கிழமை "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று வந்தால் படிப்பவருக்கு யாரோடு பேசுகிறோம் என்றே தெரியாது. ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டுங்கள். குரல் யாருடையது, வினைமுடிவு எது, பயன்படுத்தக்கூடாத அழைப்புச்சொற்கள் எவை. போஸ்ட் போடுகிற கை எதுவானாலும் அந்த மூன்று வரிக்குள் நிற்கட்டும்.

இரண்டாம் படி: எத்தனை பேர் கண்ணில் படும் என்று பாருங்கள்

இன்ஸ்டாகிராம் போஸ்ட்டும் ஸ்டேட்டஸும் ஊர் முழுக்கக் கேட்க மைக்கில் பேசுவது. அங்கே ஒரு வயதினரை மட்டும் மனதில் வைத்து உறவுச்சொல் போட்டால் மற்றவர்கள் எல்லாரும் ஒட்டுக்கேட்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். பொதுப் போஸ்ட்டில் உறவுச்சொல் வேண்டாம்.

வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டலாம். ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். லிஸ்ட்டை வாங்கும் தொகையை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். அழைப்புமுறைக்கு அந்தப் பிரிப்பு உதவாது. நாலு லிஸ்ட் போதும்: கல்லூரி வயதினர், குடும்பத்துக்கு எடுக்கிறவர்கள், பெரியவர்கள், வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்கள். பள்ளி, அலுவலகம் போன்ற மொத்த வாடிக்கையாளர்கள் இருந்தால் ஐந்தாவது. எந்த லிஸ்ட்டில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் பெரியவர்கள் லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள், குடும்ப லிஸ்ட்டில் போடுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் தன்னை முதியவராக வரிசைப்படுத்தியதை எளிதில் மறக்கமாட்டார்.

மூன்றாம் படி: ஆளைக் காட்டாத வினைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பொதுப் போஸ்ட்டில் "நீ" கூடாது, "நீங்கள்" விறைப்பாக இருக்கிறது, "நீங்க" கூட எல்லா வரியிலும் வந்தால் சலிக்கும். இதற்கு மொழியிலேயே வழி இருக்கிறது. எதிரில் இருப்பவர் யார் என்று காட்டாத வினைகள் தமிழில் நிறைய உண்டு. பிடிச்சிருக்கா, வேணுமா, போதுமா, கிடைக்கும், பொருந்தும் என்பவை ஐந்து வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் ஒன்றுதான். "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்பதில் "உங்களுக்கு" என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற "பிடிச்சிருக்கா?" யாருக்கும் பொருந்தும்.

"லாம்" என்று முடிகிற வினைகளும் இப்படித்தான். "வந்து பாருங்கள்" என்பது ஏவல். "நேர்ல வந்து பார்க்கலாம்" என்பது அழைப்பு, அதில் மரியாதைத் தராசு எதுவும் இல்லை. "கட்டினா எப்படி இருக்கும்?" "வச்சுப் பார்த்தா தெரியும்" போன்ற நிபந்தனை வாக்கியங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். "பார்ப்போமா?" என்று கேட்டால் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அது எல்லா வயதுக்கும் ஒத்துப்போகும்.

"வரவும்", "தொடர்பு கொள்ளவும்" என்பவையும் ஆளைக் காட்டாதவைதான். ஆனால் அவை அலுவலக நோட்டீஸ் பலகையின் குரல். "ஞாயிறு விடுமுறை, திங்கள் வரவும்" என்பதற்குச் சரி. சேலைப் படத்துக்கு அடியில் "விரும்புவோர் வரவும்" என்று போட்டால் ஏலம் விடுவது போல இருக்கும்.

கடையைக் குறிக்கும்போது "எங்க கடை", "நம்ம கடை" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "நம்ம கடை" வாடிக்கையாளரையும் உள்ளே சேர்க்கிறது, அதனால் அறிமுகப் போஸ்ட்டுக்கு நல்லது. தவறு ஏதாவது நடந்து பொறுப்பு ஏற்கும் இடத்தில் மட்டும் "எங்க" என்று எழுதுங்கள். "நம்ம கடையில துணி மாறிப்போச்சு" என்றால் பழியில் வாடிக்கையாளருக்கும் பங்கு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை, ஜவுளிக்கடைக்கு மட்டும் உரியது. "வாங்க" என்பது வருவதற்கும் விலைகொடுத்து எடுப்பதற்கும் பொது. "சேலை வாங்க வாங்க" என்று நிறுத்தக்குறி இல்லாமல் எழுதினால் கண் தடுமாறும். "சேலை எடுக்க வாங்க" என்று எழுதுங்கள். நம் பக்கம் துணி "எடுப்பது"தானே வழக்கம்.

நான்காம் படி: உறவுச்சொல் வேண்டுமா, எது?

லிஸ்ட்டுக்கும் தனி மெசேஜுக்கும் வரும்போதுதான் உறவுச்சொல்லுக்கு இடம். இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உடன்பிறப்பு முறை, பெற்றோர் முறைச் சொற்கள் கடைக்கு ஆகும்: அக்கா, அண்ணன், தம்பி, அம்மா, ஐயா. கொண்டு கொடுக்கும் முறைச் சொற்கள் ஆகாது: அத்தான், மச்சான், மாப்ளே, மதினி, கொழுந்தியா. கேலி பேசுவதற்கு உரிமை உள்ள உறவுகள் அவை. முன்பின் தெரியாத பெண்ணை ஒரு கடை "மதினி" என்று விளித்தால் அதில் விளையாட்டுத்தனம் தானாக ஏறிவிடும், எழுதியவர் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். "மச்சான்" இளைஞர்களுக்குள் சாதாரணமாகப் புழங்கினாலும் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே வேண்டாம்.

"ஆச்சி" பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் மணமான பெண்ணை மரியாதையாக அழைப்பதும் அதே சொல்தான். அங்கிருந்து வந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டு நெல்லைக் கடை ஒன்று ஐம்பது வயதுப் பெண்மணியை "ஆச்சி" என்று எழுதினால், அவருக்குப் பேரன் பேத்தி இருக்கிறது என்று அறிவித்த மாதிரிதான். எண்பது வயதானவரையும் கடை தன் வாயால் ஆச்சி என்று சொல்வதைவிட "அம்மா" என்பதே நல்லது. "அம்மா"வுக்கு வயது வரம்பே கிடையாது.

"அண்ணாச்சி" எதிர்த் திசையில் சறுக்கும். ஊருக்குள் அது கனமான, பாசமான மரியாதை. சென்னையில் அந்தச் சொல்லுக்கு மளிகைக்கடைக்காரர் என்ற பொருள் ஏறிவிட்டது. அதனால் ஊர்க்காரர்களுக்குத் தாராளமாக எழுதலாம். கூரியரில் துணி வாங்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டாம்.

"ஐயா" நாற்பது வயதுக்காரருக்குக் கனம் அதிகம், அறுபதுக்கு மேல் சரியாக உட்காரும். பாளையங்கோட்டை பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். அதனால் "டீச்சர்", "சார்" என்ற இரண்டும் இங்கே வெறும் ஆங்கிலச் சொற்களாக நிற்பதில்லை, பட்டமாகவே நிற்கின்றன. ஓய்வுபெற்று இருபது வருஷம் ஆனவரையும் "டீச்சர்" என்றால் முகம் மலரும். மணமானவரா, துணையை இழந்தவரா என்று தெரியாமல் "திருமதி", "செல்வி" போடாதீர்கள். பெயரோடு "அம்மா" அல்லது "அவர்கள்" சேர்த்தால் அந்தக் கேள்வியே எழாது.

மேலப்பாளையம் போன்ற இடங்களில் வாடிக்கையாளர்கள் வீட்டில் "உம்மா", "வாப்பா" என்று பேசுவார்கள். அவர்களுடைய வீட்டுச் சொல்லை வெளியாள் எடுத்துப் புழங்கினால் நடிப்பு போலத் தெரியும். கடைக்காரரும் அதே வீட்டுமொழி பேசுகிறவர் என்றால் அது வேறு கதை. மற்றபடி அக்கா, அண்ணன், அம்மா, பாய் என்று கடைவீதியில் ஏற்கெனவே என்ன புழங்குகிறதோ அதோடு நில்லுங்கள்.

ஐந்தாம் படி: நெல்லைப் பேச்சை எங்கே திறந்துவிடுவது

"லே" இல்லாமல் நெல்லைத் தமிழே இல்லை என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. கேப்ஷனில் அதை ஒதுக்கிவைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. நண்பர்களுக்குள் "வாலே" என்பது பாசம். ஆனால் வயதில் மூத்தவரையே சாதி பார்த்து "லே" போட்டு அழைத்த வழக்கமும் இந்த ஊரில் இருந்தது. எந்த வாடிக்கையாளருடைய காதில் எந்த "லே" விழும் என்று கடைக்குத் தெரியாது. பெண்களை அழைக்கிற "ஏட்டி"க்கும் இதே பதில்தான். பழைய ஆட்கள் சமவயது ஆண்களுக்குள் பேசும் "வாரும்", "என்னவே" ரசமானவை, ஆனாலும் பெண்களிடம் அவை ஒட்டாது. இன்னொன்று, கிறிஸ்தவ வீடுகளில் "நீர்", "உமக்கு" ஜெபத்தில் ஆண்டவரை அழைக்கும் மொழி. கிறிஸ்துமஸ் போஸ்ட்டில் "உமக்கு நல்வாழ்த்துகள்" என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் வாசிக்கிறவர் ஒரு கணம் மேலே பார்ப்பார்.

இவற்றைவிட்டால் நெல்லைப் பேச்சில் என்ன மிஞ்சும்? சிறந்ததே மிஞ்சுகிறது. "நல்லா இருக்கியளா?" "எப்ப வாரிய?" "சாப்ட்டியளா?" இவற்றில் "நீங்க" என்ற மரியாதை முழுசாக இருக்கிறது, ஊர் வாசமும் முழுசாக இருக்கிறது. மரியாதையைத் தொடாமல் பேச்சுநடைக்கு இறங்குவது என்று மேலே சொன்னதை இந்த "ய" ஒரே எழுத்தில் செய்துவிடுகிறது. மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நெல்லைக்காரர்களுக்கு "ஊருக்கு எப்ப வாரிய?" என்ற ஒரு வரி போதும், தள்ளுபடியே தேவைப்படாது.

இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் வேண்டும். ஒரு கேப்ஷனில் இப்படி ஒரு வினை, மிஞ்சிப்போனால் இரண்டு. எல்லா வினையையும் வட்டார வழக்கில் எழுதினால் நகைச்சுவைக் காட்சி போல ஆகிவிடும். எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை முடிவு செய்து அப்படியே வையுங்கள். இன்று "வாரிய", நாளை "வாரீய", மறுநாள் "வர்றிய" என்று மாறினால் எழுதுகிறவர் ஊர்க்காரர்தானா என்று சந்தேகம் வரும்.

ஒரு படம், ஐந்து கேப்ஷன்

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மயில்கழுத்து நிறச் சேலை, அரக்குக் கரை, விலை 1,850 ரூபாய். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குப் பத்து நாள் இருக்கிறது. குரல் கவுண்டரில் நிற்கும் இளம் பெண்ணுடையது.

இன்ஸ்டாகிராமுக்கும் ஸ்டேட்டஸுக்கும்:

"மயில்கழுத்தும் அரக்கும். ஆனித் தேருக்குக் கட்டினா எப்படி இருக்கும்? நேத்துதான் வந்து இறங்கியிருக்கு. 1,850 ரூபாய். நேர்ல தொட்டுப் பார்த்து எடுக்கலாம்."

இதில் "நீ", "நீங்க", "உங்க" ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிக்கு மேல் மடிந்துகொள்ளும். அதனால் நிறமும் தேரும் முன்னால் வந்திருக்கின்றன. அழைப்புச்சொல்லுக்கு அந்த இடத்தைக் கொடுத்து வீணாக்கவில்லை.

கல்லூரி லிஸ்ட்டுக்கு:

"தேர் பார்க்க என்ன கட்டப் போறீங்க? மயில்கழுத்து வந்தாச்சு. ரெண்டு பேர் ஒரே மாதிரி வேணும்னாலும் இருக்கு."

பதினெட்டு வயதுக்கும் "போறீங்க"தான். "கட்டப் போறே" என்று எழுதினால் நட்பாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த மெசேஜைப் பெண்ணின் அம்மா வாசிக்கும்போது "யாரவன், ஒருமையில் எழுதுகிறவன்?" என்றுதான் கேட்பார். இளமைத்தனம் "வந்தாச்சு" என்ற வேகத்திலும் தோழிகளோடு சேர்த்து யோசித்ததிலும் இருக்கிறது, வினைமுடிவில் இல்லை.

குடும்ப லிஸ்ட்டுக்கு:

"தேருக்கு வீட்டுக்கு ஆள் வருவாங்களா? மயில்கழுத்துல புதுசு வந்திருக்கு அக்கா. இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க."

"அக்கா" முதலில் வராமல் நடுவில் வந்தது வேண்டுமென்றே. தொடக்கத்தில் "அக்கா!" என்று ஆச்சரியக்குறியோடு வைத்தால் கூவி விற்பது போல ஒலிக்கும். வாக்கியத்துக்குள் வைத்தால் பேசுவது போல இருக்கும். இந்த லிஸ்ட்டில் ஆண்களும் கலந்திருந்தால் "அக்கா"வை எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

பெரியவர்கள் லிஸ்ட்டுக்கு:

"வணக்கம் அம்மா. தேருக்கு முன்னாடி கடையில கூட்டம் கூடிரும். காலையில பத்தரைக்குள்ள வந்தீங்கன்னா உக்காந்து நிதானமா பார்க்கலாம். மயில்கழுத்துச் சேலை ஒண்ணு எடுத்து வச்சிருக்கோம்."

இங்கே மரியாதை "வணக்கம்" என்பதில் பாதிதான். மீதி உட்கார இடமும் நேரமும் சொன்னதில் இருக்கிறது. படிக்க எளிதாக இருக்கும்படி வாக்கியங்களைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். வேறொருவர் வாசித்துக் காட்டக்கூடும் என்பதால் வாய்விட்டுச் சொன்னால் இயல்பாக வரும் பேச்சுநடையே இவர்களுக்கும் நல்லது.

வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு:

"தேருக்கு ஊருக்கு வாரியளா? வராட்டியும் பரவாயில்ல, மயில்கழுத்துச் சேலையைக் கூரியர்ல அனுப்பிரலாம்."

பள்ளிக்கூடம் ஒன்று ஆசிரியைகளுக்கு மொத்தமாக எடுக்கிறது என்றால் அங்கே மட்டும் எழுத்துநடை: "தங்கள் பள்ளிக்குத் தேவையான எண்ணிக்கையைத் தெரிவித்தால் மாதிரிகளுடன் நேரில் வருகிறோம்." "தங்கள்" என்று தொடங்கிவிட்டால் கடைசிவரை அதே நடைதான். நடுவில் "சொல்லுங்க" என்று வழுக்கினால் இரண்டு பேர் எழுதிய கடிதம் போல இருக்கும்.

வாடிக்கையாளர் படத்துக்குக் கீழே

வாடிக்கையாளரோடு பேசுவதற்கு நீங்க, நாங்க போதும். அவரைப் பற்றி ஊருக்குச் சொல்லும்போது படர்க்கை வந்துவிடுகிறது. "எடுத்தாள்", "எடுத்தார்", "எடுத்தாங்க" மூன்றில் எது? பேச்சுநடைக் கேப்ஷனுக்கு "எடுத்திருக்காங்க" என்பதைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அது பன்மையும்தான், மரியாதையும்தான். அதனால் பாட்டி, மகள், பேத்தி மூன்று பேர் ஒரே படத்தில் நின்றாலும் சிக்கல் இல்லை: "மூணு தலைமுறையும் சேர்ந்து வந்து எடுத்திருக்காங்க." எழுத்துநடை என்றால் ஒருவருக்கு "எடுத்தார்", பலருக்கு "எடுத்தார்கள்".

குழந்தை மட்டும் இருக்கும் படத்தில் "வந்திருக்கா", "வந்திருக்கான்" எழுதலாம், பெற்றோர் நெருங்கிய வாடிக்கையாளராக இருந்தால். புதியவர்கள் என்றால் "குட்டி மேடம் பாவாடை எடுக்க வந்திருக்காங்க" என்று விளையாட்டு மரியாதை கொடுங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

படர்க்கையில் ஆச்சியும் தாத்தாவும் பாதுகாப்பாகத் திரும்பி வரலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த உறவு படத்தில் இருக்கிற ஒருவருக்கு உரியதாக இருக்க வேண்டும். "பேத்தியோட பூப்புனித நீராட்டுக்கு ஆச்சி எடுத்த பட்டு" என்றால் ஆச்சி பேத்திக்கு ஆச்சி. "நம்ம கடைக்கு வந்த ஆச்சி" என்றால் கடை அவருக்கு வயது சொல்கிறது.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த தம்பதி என்றால் "மணிவிழா காணும்" என்ற ஒரு சொற்றொடருக்கு மட்டும் எழுத்துநடை அழகாக இருக்கும், மீதியைப் பேச்சுநடையிலேயே விடலாம். இதெல்லாம் சரியாக வர பில் போடும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: "படம் போட்டுக்கலாமா, பேரு எப்படிப் போடட்டும்?" அவர் சொல்கிறபடி பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். "லட்சுமி டீச்சர்னு போடுங்க" என்று அவரே சொல்வார். பேர் வேண்டாம் என்றும் சொல்வார்.

பதில் எழுதும்போது

கமெண்ட்டில் வருகிறவர் தன்னை எங்கே வைக்கிறார் என்பதைத் தானே காட்டிக்கொடுப்பார். "தம்பி, விலை என்ன?" என்று கேட்டால் அவர் மூத்தவர். "1,850 ரூபாய்ம்மா" அல்லது "1,850 ரூபாய் அண்ணாச்சி" என்று பதில் சொல்லலாம். "அண்ணா, நீலம் இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டால் பதிலுக்குத் "தங்கச்சி" போட வேண்டிய அவசியமில்லை. "இருக்கும்மா, படம் அனுப்பட்டுமா?" போதும். ஒருவர் "டேய் விலை சொல்லுடா" என்று எழுதினாலும் கடையின் பதில் "ங்க"விலேயே நிற்க வேண்டும். வாடிக்கையாளர் மேலே ஏற்றினால் கூடவே ஏறலாம். கீழே இறக்கினால் கூட இறங்க வேண்டியதில்லை.

பழகிய வாடிக்கையாளர் திடீரென்று "தகவலுக்கு நன்றி" என்று எழுத்துநடையில் பதில் போட்டால், கடைசியாக அனுப்பியதில் ஏதோ உறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். மேலே போய் அந்த மெசேஜைப் பாருங்கள். பெரும்பாலும் தவறான உறவுச்சொல்லோ, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாழ்த்தில் வந்த "உன்" என்பதோ இருக்கும்.

பாக்கி கேட்கும் மெசேஜில் மட்டும் உறவுச்சொல்லே வேண்டாம். "அக்கா, பாக்கி இருக்கு" என்றால் பாசத்தைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். "போன மாசத்துப் பில்லில் 600 ரூபாய் நிலுவை இருக்கு. வசதிப்படும்போது செலுத்தலாம்" என்பதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

போடுவதற்கு முன், போட்ட பின்

எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு கண்ணால் மூன்றைத் தேடுங்கள். முதலாவது "உன்", "உனக்கு", "நீ". வாழ்த்து வரிகளிலும் பாட்டு வரிகளிலும் ஒளிந்துகொண்டு வருபவை இவைதான். "உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்க, உன் கனவு நனவாக" என்ற ரகம். இரண்டாவது "ங்க" இல்லாமல் மொட்டையாக நிற்கும் ஏவல்: பார், எடு, அள்ளு. மூன்றாவது, ஒரே வாக்கியத்தில் கலந்துபோன "நீங்கள்", "வாங்க". அது அவமரியாதை இல்லை, அவசரத்தில் எழுதியது என்று மட்டும் காட்டும்.

தவறாகப் போய்விட்டால், வாட்ஸ்அப் மெசேஜை அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஸ்டேட்டஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். "ஆச்சி என்று எழுதியதற்கு மன்னிக்கவும்" என்று பொதுவில் அறிவித்தால், கவனிக்காத மற்றவர்களுக்கும் அதைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சத்தமில்லாமல் திருத்திவிட்டு, அவருக்கு மட்டும் தனியாக, சரியான அழைப்போடு ஒரு வரி அனுப்புங்கள்: "படம் மாத்திப் போட்டிருக்கோம் டீச்சர், பார்த்துச் சொல்லுங்க."